'வேண்டாம்' வேறு, 'இல்லை' வேறு: இரண்டு வயதின் மறுப்பைப் பற்றி

இரண்டு வயதுக் குழந்தை எதைக் கேட்டாலும் மறுக்கிறது என்பது இந்தியாவின் எந்த மொழி பேசும் வீட்டிலும் கேட்கக்கூடிய புகார். தமிழ் வீடுகளில் இதற்கு 'அடம்' என்று பெயர். அண்மைக் காலத்தில் 'டெரிபிள் டூஸ்' என்ற இறக்குமதிப் பெயரும் சேர்ந்துகொண்டது. இரண்டு பெயர்களும் ஒரே கருத்தைச் சொல்கின்றன: குழந்தையின் மறுப்பு கண்மூடித்தனமானது, எதன் மீதும் பாய்வது, காரணமற்றது. மறுப்புச் சொற்களையும் அவற்றுக்கு முன் பெரியவர் கூறியதையும் சேர்த்துப் பார்த்தால் இக்கருத்து நிலைக்காது. இரண்டு வயதுக் குழந்தை எல்லாவற்றையும் மறுப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட வகைப் பேச்சை மட்டுமே பெரும்பாலும் மறுக்கிறது. அது எந்த வகை என்பதை ஆங்கிலத்தைவிடத் தமிழ் தெளிவாகக் காட்டுகிறது.

புகாருக்கு எதிரான ஒரு சான்றை முதலில் காணலாம். 2003இல் ஃப்ரிட்ஸ்லி, காங் லீ ஆகிய இருவரும் இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளிடம் ஆம்-இல்லை வினாக்களைக் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பொருள்களைக் காட்டி, அவை எப்படிப்பட்டவை, எதற்குப் பயன்படுபவை என்பன போன்ற வினாக்கள் கேட்கப்பட்டன. 'நோ' வயது என்று பெயர் பெற்ற இரண்டு வயதினர் மறுப்பின் பக்கம் சாய்ந்திருப்பார்கள் என்றே எவரும் எதிர்பார்ப்பர். முடிவு நேர்மாறானது. அவ்வயதினர் தொடர்ந்து 'ஆம்' என்ற பக்கமே சாய்ந்தனர். பொருள் விளங்காத வினாவுக்குக்கூட அவர்களுடைய விடை 'ஆம்' என்பதாகவே இருந்தது. பின்னர் ஒகாண்டா, இதாகுரா ஆகியோர் ஜப்பானிய, வியட்நாமியக் குழந்தைகளிடம் செய்த ஆய்விலும் இளங்குழந்தைகளின் 'ஆம்' சாய்வு காணப்பட்டது.

ஆய்வறையில் எதற்கும் தலையாட்டும் குழந்தை வீட்டில் எதற்கும் மறுக்கிறது என்றால், மாறியிருப்பது குழந்தையின் குணமன்று, வினாவின் வகை. இந்த வேறுபாட்டைச் சொல்வதற்கு நன்னூலே கைகொடுக்கிறது. பள்ளியில் அனைவரும் மனப்பாடம் செய்த பட்டியல்தான். அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என வினா ஆறு வகைப்படும். படத்தைக் காட்டி "இது என்ன, யானையா?" என்பது அறிவினா, கேட்பவருக்கு விடை தெரியும், குழந்தைக்குத் தெரிகிறதா என்று சோதிக்கிறார். "பால் வேண்டுமா?" என்பது கொடுப்பதற்காகக் கேட்கப்படுவதால் கொடைவினா. "இன்னும் பல் தேய்க்கவில்லையா?" என்பது ஒரு செயலைச் செய்யவைப்பதற்காகக் கேட்கப்படுவதால் ஏவல்வினா. மூன்றும் வடிவில் வினாக்கள். ஆனால் முதலாவதன் விடையால் குழந்தையின் உடலுக்கு எதுவும் நேர்வதில்லை. மற்ற இரண்டின் விடை குழந்தையின் வாய், கை, கால், உடல் ஆகியவற்றுக்கு அடுத்த நிமிடம் என்ன நேரும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஃப்ரிட்ஸ்லியும் லீயும் கேட்டவை முதல் வகையைச் சேர்ந்தவை. வீட்டுப் புகார்கள் எழுவது பின்னிரண்டிலிருந்து.

அடுத்து மறுப்புச் சொல்லுக்கு வரலாம். ஆங்கிலக் குழந்தைக்குத் தொடக்கத்தில் வாய்ப்பது 'நோ' என்ற ஒரே சொல். பால் பிடிக்கவில்லை என்றாலும் 'நோ', பால் தீர்ந்துவிட்டது என்றாலும் 'நோ', இது பால் இல்லை, மோர் என்றாலும் 'நோ'. லூயிஸ் புளூம் 1970இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று குழந்தைகளின் பேச்சைப் பதிவுசெய்து, இந்த ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று பணிகள் இருப்பதைப் பிரித்துக் காட்டினார். ஒரு பொருள் இல்லாமையைக் கூறுதல், தரப்படுவதை ஏற்க மறுத்தல், ஒரு கூற்று உண்மையில்லை எனக் கூறுதல். இவற்றை இன்மை, விலக்கல், பொய்ம்மை காட்டல் என்று சொல்லலாம். சொல் ஒன்றாகவே இருப்பதால், எந்த 'நோ' எந்தப் பணிக்குரியது என்பதைச் சூழலைக் கொண்டே புளூம் ஊகிக்க வேண்டியிருந்தது.

திராவிட மொழிக் குழந்தைக்கு இந்தப் பணிப் பிரிவினை சொல்லிலேயே கிடைக்கிறது. தமிழில் தரப்படுவதை விலக்க 'வேண்டாம்', செயலைச் செய்ய மறுக்க 'மாட்டேன்', இன்மையைச் சொல்ல 'இல்லை'. மலையாளத்தில் 'வேண்ட', 'இல்ல', 'அல்ல' எனவும், கன்னடத்தில் 'பேட', 'இல்ல', 'அல்ல' எனவும், தெலுங்கில் 'வத்து', 'லேது', 'காது' எனவும் சொற்கள் பிரிந்து நிற்கின்றன. இம்மூன்றிலும் பொய்ம்மை காட்டலுக்குத் தனிச்சொல் உண்டு. எழுத்துத் தமிழின் 'அன்று', 'அல்ல' என்பவை பேச்சில் பெரும்பாலும் மறைந்து, அவற்றின் பணியையும் 'இல்லை'யே செய்கிறது. 'வேண்டாம்', 'மாட்டேன்' ஆகியவற்றின் இலக்கணமும் கவனிக்கத்தக்கது. 'வேண்டாம்' திணை, பால், எண், இடம் காட்டாது; "எனக்கு வேண்டாம்" என்பதில் மறுப்பவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார். 'மாட்டேன்' அப்படியன்று. இறுதியிலுள்ள 'ஏன்' விகுதி தன்மை ஒருமையைக் காட்டுகிறது. "மாட்டேன்" எனக் கூறும் குழந்தை, மறுப்பின் கூடவே 'நான்' என்பதையும் ஒரே சொல்லில் கூறிவிடுகிறது.

தமிழ்க் குழந்தைகள் இச்சொற்களை எந்த வரிசையில் கைக்கொள்கின்றன என்பதை ஆர். வைத்தியநாதன் இரண்டு குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து ஆராய்ந்தார். 1991இல் வெளிவந்த அக்கட்டுரையில் விலக்கல் முதலில் தோன்றுகிறது. பொய்ம்மை காட்டல் எல்லாவற்றுக்கும் பிந்தி வருகிறது. ஆங்கிலக் குழந்தைகளின் ஒற்றைச்சொல் பருவத்தை ஆராய்ந்த ராய் பியா 1980இல் கண்ட வரிசையும் விலக்கலில் தொடங்கிப் பொய்ம்மை காட்டலில் முடிகிறது. ஒரு கூற்றின் மெய்ப்பொய்யை எடைபோட இன்னும் தேறாத குழந்தைக்கு, தரப்படுவதைத் தள்ளிவிட மட்டும் முன்பே தெரிகிறது. அறிவினாவுக்கு 'ஆம்' என்ற சாய்வும், கொடைவினாவுக்கு 'வேண்டாம்' என்ற சாய்வும் ஒரே வயதில் ஒன்றாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதை ஒரு வீட்டின் காலைப்பொழுதில் பொருத்திப் பார்க்கலாம். மைசூரில் தமிழ் பேசும் குடும்பம், இருபத்தாறு மாதப் பெண்குழந்தை, வீட்டுவேலைக்கு வரும் கன்னடம் பேசும் பெண்மணி என்று ஒரு மாதிரிச் சூழலை வைத்துக்கொள்வோம். அக்காலையின் ஏழு உரையாடல்கள் இவை.

எழுந்ததும் பாட்டி படப்புத்தகத்தில் பசுவைக் காட்டி, "இது யானையா கண்ணு?" என்கிறார். குழந்தை "ம்" என்று தலையாட்டுகிறது.

அம்மா டம்ளரை வாயருகே கொண்டுவந்து, "பால் குடிக்கறியா?" என்கிறார். "வேணாம்." அம்மா டம்ளரை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புகிறார். சற்று நேரத்தில் குழந்தை தானே எடுத்துக் குடிக்கிறது.

"பல் தேய்க்கலாமா?" "மாட்டேன்."

"சட்டை போட்டு விடட்டுமா?" "வேணாம்." சிறிது இடைவெளிக்குப் பின், "நானே."

பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு மறைகிறது. "பந்து எங்க?" "இல்ல."

வேலைக்கு வந்த பெண்மணி வாழைப்பழத்தை நீட்டி, "பேக்கா?" என்கிறார். "பேடா."

தாத்தா விளையாட்டாக, "நீ பூனைக்குட்டிதானே?" என்கிறார். குழந்தை சிரித்துக்கொண்டே, "இல்ல. பாப்பா."

அன்றிரவு அம்மா தோழியிடம், "காலையிலிருந்து எல்லாத்துக்கும் நோதான்" என்று கூறுவார். ஏழில் ஆறு மறுப்புச் சொற்கள் என்பதால் கணக்குத் தவறில்லை. ஆயினும் 'நோ' என்ற அந்த ஒரே சொல்லில் ஆறும் கரைந்துவிட்டன. பந்தைப் பற்றிய 'இல்ல' ஒரு செய்தி. அதில் எந்த அடமும் இல்லை. பூனைக்குட்டி பற்றிய 'இல்ல' பொய்ம்மை காட்டல். வளர்ச்சியில் பிந்தி வரும் திறன் வந்துவிட்டது என்பதால் வீட்டார் மகிழ வேண்டிய விடை. பசுவை யானை எனக் கேட்டதற்கு மறுத்திருக்க வேண்டும், குழந்தை மறுக்கவில்லை. முழுமையான விலக்கல் என எஞ்சுபவை நான்கு: பால், பல், சட்டை, பழம். நான்கும் கொடையாகவோ ஏவலாகவோ வந்தவை. கன்னடத்தில் கேட்டவருக்குக் கன்னட விலக்கல் சொல்லே கிடைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது. எதற்கும் கண்மூடி மறுக்கும் குழந்தை, எதிரில் இருப்பவரின் மொழியைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்காது.

அந்த நான்கில் விலக்கப்பட்டது எது என்பது அடுத்த கேள்வி. "சட்டை போட்டு விடட்டுமா?" என்ற வினாவில் குறைந்தது நான்கு கூறுகள் உள்ளன: சட்டை என்ற பொருள், உடுத்தல் என்ற செயல், 'நான் உனக்குச் செய்துவிடுகிறேன்' என்ற செய்பவர், 'இப்போது' என்ற நேரம். 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல் இவற்றில் எதன்மீது விழுகிறது என்பதை அச்சொல்லைக் கொண்டே அறிய முடியாது. மொழியியலில் இது எதிர்மறையின் வீச்சு எனப்படும். வளர்ந்தவர் "சட்டை வேண்டாம், நீ போட்டுவிட வேண்டாம், இப்போது வேண்டாம்" என்று வீச்சை வாக்கியமாக விரித்துச் சொல்வார். இரண்டு வயதில் அவ்வாக்கியத்தை அமைப்பது எளிதன்று. குழந்தைக்குக் கருத்து இருக்கிறது, அதைச் சுட்டும் தொடர் இல்லை. பெரியவர் பெரும்பாலும் அதைப் பொருளின் மீதே ஏற்றிப் புரிந்துகொள்கிறார்: "சட்டையே வேண்டாம் என்கிறாள்." பின்னால் வந்த 'நானே' என்பது குழந்தை விலக்கியது செய்பவரை என்பதைக் காட்டிவிட்டது. மேசையில் வைத்த பாலைக் குழந்தை தானே எடுத்துக் குடித்ததும் அதையே காட்டுகிறது. 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டும் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கும் பெரியவர்கள், அங்கே முரண்பாடு இருப்பதாக நினைக்கின்றனர். பொருள் வேண்டும், ஊட்டுவது வேண்டாம் என்பதில் முரண்பாடு ஏதுமில்லை.

இனி, ஏன் இந்த வயதில் என்ற கேள்வி. இதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றையொன்று ஒட்டி வருகின்றன. முதலாவது, இச்சொற்கள் குழந்தைக்குக் கிடைக்கும் இடம். நடக்கத் தொடங்கிய குழந்தையை நோக்கி வீட்டார் "வேணாம்பா, சுடும்", "அது வேணாம், கீழ போடு", "தொடாதே" என்று ஓயாமல் கூறுகின்றனர். மடியில் கிடந்த காலத்தில் இதற்குத் தேவை இருக்கவில்லை. கால் முளைத்த பின்பே தடை வருகிறது. ரெனே ஸ்பிட்ஸ் 1957இல் எழுதிய நூலில், ஏறத்தாழ பதினைந்து மாதத்தில் குழந்தை தலையை அசைத்து மறுக்கத் தொடங்குவதை இந்தத் தடைகளோடு இணைத்தார். தன்னைத் தடுத்தவரின் சைகையையே குழந்தை எடுத்துக்கொண்டு அவர்மீது பயன்படுத்துகிறது என்பது அவர் விளக்கம். அவருடைய உளப்பகுப்பாய்வுக் கலைச்சொற்களை ஏற்காதவரும் அடிப்படைக் கவனிப்பை மறுக்க முடியாது. குழந்தையின் காதில் விழும் 'வேண்டாம்' என்ற சொல், நடந்துகொண்டிருக்கும் செயலை உடனே நிறுத்தும் ஆற்றலுடையது. கையிலிருந்த கத்தியை அது விடச் செய்தது. அடுப்பை நோக்கிய காலை நிறுத்தியது. அத்தகைய சொல்லை முதன்முதலில் தன் வாயால் சொல்லி, எதிரே வந்த கரண்டி நிற்பதைக் கண்ட குழந்தை அதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில் வியப்பில்லை.

இரண்டாவது காரணம் பெரியவரின் வினா வடிவம். "குளிக்கலாமா?", "தூங்கலாமா?", "போகலாமா?" என்பவை தமிழ்ப் பெற்றோர் நாள்தோறும் பயன்படுத்தும் மென்மையான ஏவல்கள். 'லாம்' என்பது அனுமதியையும் இயல்தலையும் குறிப்பது. 'ஆ' வினா விகுதி. வடிவத்தின்படி இவை குழந்தையின் விருப்பத்தைக் கேட்கின்றன. கருத்தின்படி, குளியல் முன்பே முடிவுசெய்யப்பட்டுவிட்டது, வெந்நீரும் வாளியில் இருக்கிறது. நன்னூல் ஏவல்வினா என்று தனியே ஒரு வகையைக் கூறுவதற்கே இந்த வடிவ-கருத்து இடைவெளிதான் காரணம். இந்த இடைவெளியைக் கடக்க வளர்ந்தவருக்குப் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. குழந்தை வடிவத்துக்கு விடையளிக்கிறது. விருப்பம் கேட்கப்பட்டது, விருப்பமில்லை என்று கூறப்பட்டது. உரையாடல் இலக்கணப்படி அது பிழையற்ற மறை விடை. அடுத்த நொடி குழந்தை தூக்கிச் செல்லப்படும்போது, தான் சொன்ன விடை கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதையே அது கற்கிறது. மறுமுறை சத்தம் கூடும். 'அடம்' என்று அழைக்கப்படுவதில் ஒரு பகுதி, பெரியவர் கேள்வியல்லாத ஒன்றைக் கேள்வியாகக் கேட்பதால் உண்டாகிறது என்று கூறுவது மிகையாகாது.

இதனால் மறுப்பை மொழிச் சிக்கலாக மட்டும் சுருக்கிவிட முடியாது. பெரியவர் தம் வினா வடிவத்தை எவ்வளவு திருத்தினாலும் குளிக்க மறுக்கும் குழந்தை இருக்கவே செய்யும். களைப்பு, பசி, விளையாட்டை விட்டு எழ மனமின்மை ஆகியவை உண்மையான காரணங்கள். ஆனால் உண்மையான விருப்பமின்மையும் வெறும் தன்னுறுதியும் வேறு வேறு என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. குரோக்கன்பர்க், லிட்மன் ஆகியோர் 1990இல் இரண்டு வயதுக் குழந்தைகளையும் தாய்மாரையும் கவனித்து எழுதிய கட்டுரை, 'வேண்டாம்' எனத் தன் விருப்பத்தைச் சொல்லுதலையும், எதிர்த்து நின்று சொன்னதற்கு மாறாகச் செய்தலையும் தனித்தனியே எண்ணியது. இரண்டும் வெவ்வேறு தாய்மொழிப் பாங்குகளோடு, அதாவது தாய் குழந்தையிடம் பேசும் முறைகளோடு, தொடர்புற்றிருந்தன. மிரட்டல், எரிச்சல், கையைப் பிடித்து இழுத்தல் ஆகியவை எதிர்த்து நிற்றலோடு சேர்ந்து வந்தன. என்ன செய்ய வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லி, கூடவே வழிகாட்டிய தாய்மாரின் குழந்தைகள் இணங்குவது மிகுந்திருந்தது. இது காரண-விளைவுச் சான்றன்று. முன்பே முரண்டு பிடிக்கும் குழந்தை தாயின் எரிச்சலைத் தூண்டியிருக்கலாம். எனினும் இரண்டையும் ஒரே 'நோ' என எண்ணியிருந்தால் இந்த வேறுபாடே வெளிப்பட்டிருக்காது.

குச்சின்ஸ்கி, கோச்சான்ஸ்கா ஆகியோர் அதே 1990இல், ஒரே குழந்தைகளை நடைபயிலும் பருவத்திலும் மீண்டும் ஐந்து வயதிலும் கண்டு எழுதினர். வயது கூடும்போது நேரடி எதிர்ப்பும் காதில் வாங்காதிருத்தலும் குறைந்தன, பேரம் பேசுதல் கூடியது. இரண்டு வயதின் 'மாட்டேன்' மறைந்து போவதில்லை. "கார்ட்டூன் முடிஞ்சதும் குளிக்கறேன்" என வளர்கிறது. மறுப்பின் வீச்சைச் சொல்லத் தொடர்கள் கிடைத்தபின், ஒற்றைச் சொல்லை ஓங்கிச் சொல்ல வேண்டிய தேவை குறைகிறது. அக்குழந்தை தொடக்கத்திலிருந்தே பேரம் பேசத்தான் முயன்றது, அதற்கான இலக்கணம் அதனிடம் இல்லை என்றும் இதைப் படிக்கலாம்.

குழந்தை வளர்ப்பு அறிவுரைகளில் பரவலாகக் கூறப்படும் ஒரு தீர்வையும் இங்கே ஆராய வேண்டும். "சட்டை போடலாமா?" என்று கேட்காமல், "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று கேட்கச் சொல்வர். வினா வடிவின்படி இது சரியானதே. இவ்வினாவுக்கு 'வேண்டாம்' இயல்பான விடையன்று. ஆனால் குழந்தை சொல்லும் விடையைத் தேர்வு எனக் கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2019இல் சம்னரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளிடம் இத்தகைய இருதேர்வு வினாக்கள் கேட்கப்பட்டன. வாயால் விடை சொன்னபோது ஏறத்தாழ 85 விழுக்காடு விடைகள் இரண்டாவதாகச் சொல்லப்பட்டதாகவே இருந்தன. விரலால் சுட்டிக்காட்டியபோது அந்தச் சாய்வு மறைந்தது. கடைசியாகக் காதில் விழுந்த சொல்லே நாவில் எஞ்சியிருந்தது என்பதே இதன் பொருள். "நீலம்" எனச் சொன்ன குழந்தை, நீலச் சட்டையைக் கொண்டுவந்ததும் 'வேண்டாம்' என்றால் அது மனம் மாறியதாகாது. அது தேர்ந்தெடுக்கவே இல்லை. ஆகவே இரண்டு சட்டைகளையும் கண்முன் விரித்துவைத்துக் கையால் எடுக்கச் சொல்வதே உண்மையான தேர்வு. மாற்ற முடியாத செயல்களுக்கு வினாவே வேண்டியதில்லை. "குளிக்கப் போறோம், வாளியை நீ தூக்கறியா?" என்பதில் ஏவல் ஏவலாக இருக்கிறது, வினா உண்மையான வினாவாக இருக்கிறது.

இயல்பான மறுப்பையும் கவனம் தேவைப்படும் மறுப்பையும் பிரித்தறியவும் இந்தப் பரவலே உதவும். இயல்பான விலக்கல் பல பொருள்கள் மீது பரவியிருக்கும். ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். செய்பவரை மாற்றினாலோ, பொருளைக் கையில் கொடுத்தாலோ பெரும்பாலும் தளரும். யார் கேட்டாலும், எப்படிக் கேட்டாலும், ஒரே ஒரு செயலின் மீது மட்டும் மறுப்பு நிலைத்து நின்றால் காரணத்தை உடலில் தேட வேண்டும். பல் தேய்க்க மட்டும் அலறும் குழந்தைக்கு வாய்ப்புண் இருக்கலாம். பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்துவருகிறது என்றால் அது அடம் என்ற தலைப்பின் கீழ் வருவதே அன்று. அதற்கு மருத்துவரை நாடுவதே முறை.

சொற்பிரிவினையையும் அளவுக்கு மீறி நம்பக்கூடாது. தமிழில் மூன்று சொற்கள் இருப்பதால் தமிழ்க் குழந்தை மூன்று விதமாகச் சிந்திக்கிறது என்ற முடிவுக்கு இடமில்லை. மூன்று பணிகளும் ஆங்கிலக் குழந்தையிடமும் உண்டு. மேலும், சொற்களின் எல்லைகள் குழந்தையின் வாயில் கலங்கியிருக்கும். வளர்ந்தவர்களே "காபி குடிக்கறீங்களா?" என்றால் "இல்ல, வேணாம்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்கின்றனர். தன் பொம்மையை எடுக்கவரும் அண்ணனிடம் குழந்தை "அண்ணா வேணாம்" என்பது தடை. அங்கே 'வேணாம்' என்பது 'எடுக்காதே' என்பதன் இடத்தில் நிற்கிறது. எனவே சொல்லை மட்டும் கொண்டு பணியை முடிவுசெய்ய இயலாது. சொல்லுக்கு முன் நின்ற பெரியவரின் வினாவும், சொல்லுக்குப் பின் குழந்தை செய்த செயலும் சேர்ந்தே பொருளைத் தருகின்றன.

இங்கேதான் ஆய்வாளர்கள் திருத்திக்கொள்ள வேண்டிய ஒரு வழக்கம் இருக்கிறது. இந்தியக் குழந்தைகளின் பேச்சைத் தொகுக்கும்போதும், பெற்றோருக்கான வினாப்பட்டியல்களை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கும்போதும், 'நோ' என்ற ஒரே பெட்டியை அப்படியே வைத்துக்கொள்வது எளிது. அப்பெட்டியில் ஒரு குறி இட்டவுடன், வாளிக்கு முன் நின்ற 'மாட்டேன்', கட்டிலடியில் மறைந்த பந்தின் 'இல்லை', பூனைக்குட்டியை மறுத்த 'இல்லை' மூன்றும் ஒன்றாகிவிடும். பின்னர் அத்தரவைப் படிப்பவர், இரண்டு வயதுக் குழந்தை எல்லாவற்றையும் மறுக்கிறது என்றே முடிவு கூறுவார். அது தரவிலிருந்து வந்த முடிவாகத் தோன்றும்; உண்மையில் படிவத்திலிருந்து வந்தது. குழந்தையின் ஒவ்வொரு மறுப்புக்கும் நேரே மூன்று கட்டங்கள் போதும்: பெரியவர் என்ன கேட்டார், குழந்தை எந்தச் சொல்லைச் சொன்னது, அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன செய்தது. மேற்கண்ட மைசூர்க் காலையை இம்மூன்று கட்டங்களில் எழுதினால், 'பால் வேண்டாம்' என்ற வரியின் மூன்றாம் கட்டத்தில் 'தானே எடுத்துக் குடித்தது' என்றிருக்கும்.